வரி ரசீதில் தொகையைத் தமிழ் எழுத்தில் அச்சடிக்க சாஃப்ட்வேர் வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: எங்கள் ஊர்வகைக் கோயிலில் தலைக்கட்டு வரி, நன்கொடை ரசீதுகளை இப்போது கம்ப்யூட்டரில் அடிக்கிறோம். தொகையை எண்ணால் மட்டும் போட்டால் போதாது, தமிழில் எழுத்தாலும் வரவேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள். நாகர்கோவிலில் ஒருவரிடம் கேட்டேன். சாஃப்ட்வேருக்குத் தனி, வருடச் சந்தா தனி என்கிறார். மாதிரிக்கு அடித்துக் காட்டியபோது 1,500 சரியாக வந்தது. 2,900-க்கு ‘இரண்டாயிரம் தொள்ளாயிரம்’ என்று வந்தது. கேட்டால் ‘தமிழ் அப்படித்தான் சார் வரும்’ என்கிறார். எனக்கு எக்செல் ஓரளவு தெரியும். பத்தாயிரமோ அதற்கு மேலோ எங்களுக்கு ரசீது கிடையாது. நாங்களே செய்துகொள்ள முடியுமா?
— பொருளாளர், ஈத்தாமொழி

பதில்: முடியும். ஒரு சாயங்கால வேலைதான். தமிழ் அப்படி வராது. அவருடைய சாஃப்ட்வேர்தான் அப்படி வருகிறது. ‘இரண்டாயிரத்து தொள்ளாயிரம்’ என்றுதான் வரவேண்டும்.

1,500 சரியாக வந்து 2,900 ஏன் சறுக்கியது என்பதை மட்டும் புரிந்துகொண்டால், பாதி வேலை முடிந்த மாதிரி. நம் எண்களில் நூறு, ஆயிரம் எல்லாவற்றுக்கும் இரண்டு உருவம் உண்டு. பின்னால் ஒன்றும் வராவிட்டால் ‘ஆயிரம்’. ஏதாவது வந்தால் ‘ஆயிரத்து’. இதற்கு அவர் குறுக்குவழி ஒன்று போட்டிருப்பார்: பின்னால் எண் வந்தால் ‘ஆயிரம்’ என்ற சொல்லைத் தேடி ‘ஆயிரத்து’ என்று மாற்று. 1,500-இல் அந்தச் சொல் அப்படியே நிற்கிறது, மாறிவிடுகிறது. ‘இரண்டாயிரம்’ என்பதில் நம் காதுக்கு ‘ஆயிரம்’ கேட்கிறது, ஆனால் கம்ப்யூட்டருக்கு அங்கே ‘ஆ’ என்ற எழுத்தே இல்லை. ‘ட’வும் ஒரு காலும்தான் இருக்கின்றன. ஆகவே தேடினால் கிடைக்காது, மாறாது. 2,000-க்கு மேல் அவர் சோதித்தே பார்க்கவில்லை. அதற்கு வருடச் சந்தா வேறு!

இந்த மாதிரி விதிகளை எழுதப் போகாதீர்கள். தமிழில் இருபதும் ஐந்தும் சேர்ந்தால் இருபத்தைந்து. இருபதும் மூன்றும் சேர்ந்தால் இருபத்து மூன்று. உயிரெழுத்து வந்தால் ஒரு மாதிரி, மெய் வந்தால் வேறு மாதிரி. ‘று’வை ‘ற்று’ ஆக்கு என்று எழுதினால் நூறு சரியாக ‘நூற்று’ ஆகும், கூடவே பாவம் ஆறும் ‘ஆற்று’ ஆகிவிடும். இதையெல்லாம் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுப்பதைவிட, சொற்களை ஒரு தடவை கையால் தட்டி வைத்துவிட்டு, எண்ணைப் பார்த்து எடுத்துக்கொள்ளச் சொல்வது எவ்வளவோ மேல். பஞ்சாங்கத்தில் தேதியைப் பார்த்துத் திதியை எடுக்கிறோமே, அதே வேலை.

எக்செல்லில் புதிய தாள் ஒன்று திறந்து `words` என்று பெயர் வையுங்கள். `A` பத்தியில் முதல் வரியில் ‘ஒன்று’, இரண்டாம் வரியில் ‘இரண்டு’, இப்படியே 99-ஆம் வரியில் ‘தொண்ணூற்றொன்பது’ வரை முழுச் சொல்லாக அடியுங்கள். தலைப்பு எதுவும் போடாதீர்கள். வரி எண்ணும் சொல்லும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் விஷயமே. பேச்சில் ‘இருபத்தி’ என்போம். ரசீதில் இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்து மூன்று என்றே இருக்கட்டும்.

`B`, `C` பத்திகள் நூறுகளுக்கு. `B`-யில் தனித்து நிற்கும் உருவம், `C`-யில் பின்னால் எண் வரும்போது வேண்டிய உருவம்:

```
நூறு           நூற்று
இருநூறு        இருநூற்று
முந்நூறு        முந்நூற்று
நானூறு         நானூற்று
ஐநூறு          ஐநூற்று
அறுநூறு        அறுநூற்று
எழுநூறு        எழுநூற்று
எண்ணூறு        எண்ணூற்று
தொள்ளாயிரம்    தொள்ளாயிரத்து
```

அதே மாதிரி `D`-யில் ஆயிரம், இரண்டாயிரம், மூவாயிரம், நான்காயிரம், ஐயாயிரம் என ஒன்பதாயிரம் வரை. `E`-யில் ஆயிரத்து, இரண்டாயிரத்து என ஒன்பதாயிரத்து வரை. ‘மூன்றாயிரம்’, ‘நாலாயிரம்’தான் உங்கள் ஊர்ப் பழக்கம் என்றால் அதையே போடுங்கள், தப்பில்லை. ஆனால் `D`, `E` இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

ஒன்பதில் மட்டும் கொஞ்சம் நின்று போக வேண்டும். இந்த வேலையில் தப்பு வந்தால் முக்கால்வாசி அங்கேதான் வரும். இருபது முதல் எண்பது வரை எல்லாம் ‘பது’வில் முடிகின்றன, பின்னால் எண் வந்தால் ‘பத்து’ ஆகின்றன. தொண்ணூறு மட்டும் நூறின் வீட்டுக்குப் போய் ‘தொண்ணூற்று’ ஆகிறது. நூறுகளில் எட்டும் ‘நூறு’ என்று முடிய, 900 மட்டும் ஆயிரத்தின் வீட்டுக்குப் போய்த் தொள்ளாயிரம் ஆகிறது, பின்னால் எண் வந்தால் ‘தொள்ளாயிரத்து’. ஆயிரங்களுக்கு வந்தால் ஒன்பதாயிரம் என்று ஒழுங்காக நிற்கிறது. 999-ஐ எழுதிப் பாருங்கள்: தொள்ளாயிரத்து தொண்ணூற்றொன்பது. ஒரே இலக்கம் மூன்று இடத்தில் மூன்று வேஷம். மேலே உள்ள பட்டியலில் `C` பத்தியின் முதல் எட்டு வரி ‘ற்று’ என்று முடிவதைப் பார்த்த பழக்கத்தில் கை ஒன்பதாவது வரியிலும் ‘ஒன்பதுநூற்று’ என்று அடித்துவிடும். அப்படி அச்சடித்த ரசீதை நானே பார்த்திருக்கிறேன். 900 ரூபாய் வரி கட்டுகிறவர் குறைவு என்பதால் மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும், ஒரு நாள் ஊர்க்கூட்டத்தில் வெடிக்கும்.

சரி, தொகை `A2`-இல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், எழுத்து வரவேண்டிய கட்டத்தில் இதைப் போடுங்கள்:

```
="ரூபாய் "&TRIM(
IF(A2>=1000,INDEX(words!$D$1:$E$9,INT(A2/1000),IF(MOD(A2,1000)=0,1,2)),"")&" "&
IF(MOD(A2,1000)>=100,INDEX(words!$B$1:$C$9,INT(MOD(A2,1000)/100),IF(MOD(A2,100)=0,1,2)),"")&" "&
IF(MOD(A2,100)>0,INDEX(words!$A$1:$A$99,MOD(A2,100)),""))&" மட்டும்"
```

பார்க்கத்தான் நீளம். உங்கள் 2,900-ஐயே போட்டுப் பார்ப்போம். ஆயிரத்தால் வகுத்தால் 2, மீதி 900. மீதி இருப்பதால் இரண்டாம் வரியில் `E` பத்திச் சொல்லை எடுக்கிறது: இரண்டாயிரத்து. அடுத்து 900-இல் நூறுகள் 9, அதற்கப்புறம் மீதி இல்லை, ஆகவே ஒன்பதாம் வரியில் `B` பத்திச் சொல்: தொள்ளாயிரம். கடைசித் துண்டு காலி. ‘ரூபாய் இரண்டாயிரத்து தொள்ளாயிரம் மட்டும்’. 2,915 என்றால் தொள்ளாயிரத்துக்குப் பின்னால் மீதி 15 இருப்பதால் `C` பத்திக்குப் போய்த் ‘தொள்ளாயிரத்து’ என்று எடுத்து, `A` பத்தியின் 15-ஆம் வரியிலிருந்து ‘பதினைந்து’ சேர்க்கும்.

‘ரூபாய்’ முன்னால் வருவதை மாற்றாதீர்கள். பின்னால் வைத்தால் ஒரு ரூபாய்க்கு ‘ஒன்று ரூபாய்’ என்று அடிக்கும். முன்னால் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. ‘ஆயிரத்துத் தொள்ளாயிரம்’, ‘நூற்றுப் பத்து’ என்று ஒற்று மிக வேண்டாமா என்று உங்கள் ஊர்த் தமிழாசிரியர் கேட்பார். மிகத்தான் வேண்டும். ரசீதில் அதை விட்டுவிடலாம் என்பது என் கட்சி. அதனால் யாருக்கும் ஒரு பைசா குறையாது.

பைசா என்றதும் ஒன்று. 150.50 என்று யாராவது தட்டினால் இந்தச் சூத்திரம் சத்தம் போடாமல் ‘நூற்று ஐம்பது’ என்று எழுதிவிடும். ஆகவே தொகைக் கட்டத்துக்கு `Data Validation` போய் `Whole number`, 1 முதல் 9999 வரை என்று பூட்டுங்கள். பூட்டாமல் யாராவது 10,000 அடித்தால் `#REF!` என்று வரும். அது நல்லதுதான், தப்பான சொல் வருவதைவிட.

இனி பிரிண்டர். உண்மையான ஆத்திரம் எனக்கு இங்கேதான். எல்லா மொழி எழுத்துகளுக்கும் கம்ப்யூட்டரில் பொதுவான யூனிகோடுக்குள் தமிழ் வந்தது 1991-இல். தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010-இல். இன்றைக்கும் பில் பிரிண்டர் விற்கிறவரிடம் தமிழ் வருமா என்று கேட்டால் தலையைச் சொறிகிறார். விஷயம் இதுதான்: சின்ன பில் பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்குள் தமிழ் எழுத்துகள் கிடையாது. எழுத்தை எழுத்தாகவே அனுப்பினால் கேள்விக்குறியாகவோ கட்டமாகவோ கொட்டும். விண்டோஸில் அந்தப் பிரிண்டருக்குரிய டிரைவரைப் போட்டு, எக்செல்லிலிருந்து அச்சடித்தால் எழுத்துகள் படமாகப் போகும், சுத்தமாக வரும். பிரிண்டர் பட்டியலில் `Generic / Text Only` என்று இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

இந்த இடத்தில்தான் இடைத்தரகர் புகுந்து, ‘தமிழுக்குத் தனி ஃபாண்ட் வேண்டும், அதற்குத் தனிக் காசு’ என்பார். வேண்டாம். `Nirmala UI` விண்டோஸோடே வருகிறது. அவர் தருவது பெரும்பாலும் பாமினி போன்ற பழைய ஃபாண்டாக இருக்கும். கண்டுபிடிக்க எளிய வழி: அவருடைய ரசீதிலுள்ள எழுத்தை காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே நின்றால் யூனிகோடு. ‘தமிழ்’ என்ற சொல் `jkpo;` என்று வந்தால் பாமினி. அதில் கணக்கை ஏற்றிவிட்டால், அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் உங்கள் கோயில் கணக்கை நீங்களே படிக்க முடியாது. சந்தா கட்டாத வருடம் சாஃப்ட்வேர் திறக்காமல் போனால், பழைய ரசீதுகளும் அவர் கையில். எந்தச் சாஃப்ட்வேர் வாங்கினாலும், கணக்கை எக்செல்லாக எடுத்துத் தர வழி இருக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன் செய்து காட்டச் சொல்லுங்கள்.

தாளின் அகலம் போதாமல் வரி மடியும். அதற்கு `Wrap Text` போதும். இத்தனை எழுத்துக்கு மேல் வெட்டு என்று `LEFT` எல்லாம் போடாதீர்கள். ‘தொள்ளாயிரத்து’ நம் கண்ணுக்கு 7 எழுத்து, கம்ப்யூட்டர் கணக்கில் 13. நடுவே வெட்டினால் கொம்பு ஒரு வரியில், எழுத்து இன்னொரு வரியில் நிற்கும்.

அச்சுக்கு விடும் முன் 1, 9, 10, 19, 90, 99, 100, 109, 900, 901, 990, 999, 1000, 1001, 1900, 2900, 9999 ஆகியவற்றைத் தட்டிப் பாருங்கள். நீங்கள் தட்ட, வேறு ஒருவர் வாய்விட்டு வாசிக்கட்டும். சொல்லை அடித்தவரே சரிபார்த்தால் தன் தப்பு கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் சரி என்றானதும் `words` தாளை `Protect Sheet` போட்டுப் பூட்டிவிடுங்கள். அதில் ஒரு வரியை யாராவது தெரியாமல் நீக்கினால், அதற்குக் கீழே உள்ள சொற்கள் எல்லாம் ஒரு வரி மேலே ஏறி, தொகை எழுத்தில் தப்பாக வரும்.