பகடிப் பணம்: மும்பையின் வாடகை உச்சவரம்பு

கேள்வி: வாடகைக்கு அரசு உச்சவரம்பு வைத்தால் ஏழைகளுக்கு நல்லதுதானே? பிறகு ஏன் அதனால் வீடு கிடைக்காது, கள்ளப் பணம் கைமாறும் என்கிறார்கள்?

மும்பை மாட்டுங்காவில், என் பெரியப்பா வாடகைக்கு இருந்த பழைய கட்டடத்தில்தான் இந்தக் கேள்விக்கான விடையை நான் முதலில் பார்த்தேன் என்பதால், அந்த நகரத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

பம்பாய் வாடகைச் சட்டம் 1947-இல் வந்தது. 1940 செப்டம்பர் 1 அன்று ஒரு வீடு எந்த வாடகைக்கு விடப்பட்டிருந்ததோ, ஏறக்குறைய அதையே அதன் 'நிலை வாடகை' என்று அது நிறுத்திவைத்தது. போரும் பிரிவினையும் நகரத்துக்குள் மக்களைக் கொண்டுவந்து குவித்த காலத்தில் அது தேவையான தற்காப்பு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் தற்காலிகமாகப் போட்ட பூட்டைத் திறக்க எந்த அரசும் துணியவில்லை. வாடகையோடு குடியிருக்கும் உரிமையும் காக்கப்பட்டதால், குடியிருப்பவர் இறந்தாலும் உடன் வசித்த குடும்பத்தாருக்கு அந்த உரிமை போய்ச் சேர்ந்தது.

பகடி பிறந்தது இங்கேதான். (தமிழில் பகடி என்றால் கேலி, மும்பையில் அது தலைப்பாகை, அதாவது வீட்டுக்குள் நுழைய முன்கூட்டியே வைக்கும் மரியாதைப் பணம்.) அது எவ்வளவு என்பது பேராசையால் முடிவாவதில்லை, கணக்கால் முடிவாகிறது. ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். 1970-களில் ஒரு வீட்டின் சட்ட வாடகை மாதம் 60 ரூபாய் என்றும், தடையில்லாத சந்தையில் அதற்கு 600 ரூபாய் தர ஆள் இருந்தது என்றும் கொள்வோம். உள்ளே நுழைபவருக்கு மாதம் 540 ரூபாய், ஆண்டுக்கு 6,480 ரூபாய் மிச்சமாகிறது. பணத்துக்கு 12 விழுக்காடு வட்டி என்றால், ஆண்டுதோறும் அந்த மிச்சத்தைப் பெறுவதும் கையில் 54,000 ரூபாய் வைத்திருப்பதும் ஒன்றுதான். ஆகவே அந்தத் தொகையை ஒட்டி ஒரு விலை கொடுக்க அவர் தயாராக இருப்பார். சட்டம் மறைத்துவிட்ட வாடகை மொத்தமாகத் திரண்டு முன்வாசலில் வந்து நிற்கிறது.

அந்தப் பணத்தில் பெரும்பங்கு வெளியேறும் குடித்தனக்காரருக்கும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீட்டுக்காரருக்கும் போவது வழக்கம். வீட்டுக்காரரின் கையில் இருந்த ஒரே ஆயுதம் வாடகை ரசீது; புதியவர் பெயருக்கு அதை மாற்றித் தருவதற்கான விலையே அவருடைய பங்கு. நம் கணக்கில் அது 18,000 ரூபாய், அதாவது 25 ஆண்டுச் சட்ட வாடகை. பகடி வாங்குவது அந்தச் சட்டத்தின்படி குற்றமாக இருந்ததால் அதற்கு ரசீது கிடைக்கவில்லை. தகராறு வந்தால் நீதிமன்றம் போகவும் முடியவில்லை.

உச்சவரம்பால் காக்கப்பட்டவர் ஏற்கெனவே உள்ளே இருந்தவர்தான், அவர் ஏழையோ பணக்காரரோ. மாதம் 200 ரூபாய் தரக்கூடிய, ஆனால் 54,000 ரூபாயைப் புரட்ட முடியாத புதியவருக்குக் கதவே திறக்கவில்லை.

இனி பற்றாக்குறை. வேறு ஊருக்கு வேலை மாறிப் போனவர்களும் வீட்டை விடவில்லை. விட்டால் மறுபடி கிடைக்காது என்று பூட்டி வைத்தார்கள். பெரியப்பாவின் மாடியில் எதிர்வீட்டுப் பூட்டு துருப்பிடித்துப் போயிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. வாடகைக்கு விடுவதற்கென்றே புதுக் கட்டடம் எழுப்புவது நட்டமானதால் கட்டுபவர்கள் விற்பனைக்கே கட்டினார்கள். சட்டத்திலிருந்து தப்ப, 'வாடகை' என்ற சொல்லையே விட்டுவிட்டு 'உரிம' ஒப்பந்தம் எழுதும் வழி பரவியது. 1973 பிப்ரவரி 1 அன்று அப்படிக் குடியிருந்தவர்களையும் அரசு பாதுகாக்கப்பட்ட குடித்தனக்காரர்கள் ஆக்கியது. அன்று குடியிருந்தவர்களுக்கு அது நன்மைதான், ஆனால் காலி வீடு வைத்திருந்தவர்கள் அதிலிருந்து கற்றது, யாரையும் உள்ளே விடாமலிருப்பதே பாதுகாப்பு என்பதை.

பராமரிப்பும் இதே வழியில் கெட்டது. 20 குடித்தனங்களிலிருந்து மாதம் 1,200 ரூபாய் வரும் கட்டடத்தில் படிக்கட்டுக் கட்டையை மாற்றக்கூடப் பணம் மிஞ்சாது. கட்டடங்கள் இடிந்து விழத் தொடங்கியதால், 1969-இல் தனிச் சட்டம் இயற்றி, வரி வசூலித்துப் பழுதுபார்க்கும் பொறுப்பை ஒரு வாரியத்திடம் தர வேண்டியதாயிற்று.

மும்பையின் வீட்டு நெருக்கடி முழுவதையும் இந்தச் சட்டத்தின் தலையில் கட்டிவிட முடியாது. தீவு நிலமும் கட்டட உயர வரம்புகளும் தனிக் காரணங்கள். ஆண்டுதோறும் விலைவாசியோடு சிறிது ஏறும் வரம்பும் இவ்வளவு தீங்கு செய்யாது, ஏனெனில் பகடியின் அளவு சட்ட வாடகைக்கும் சந்தை வாடகைக்கும் உள்ள இடைவெளியையே பொறுத்தது.

2000-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த புதிய மகாராஷ்டிரச் சட்டம் பகடியைச் சட்டபூர்வமாக்கியது. வாடகையை ஆண்டுக்கு 4 விழுக்காடு ஏற்றவும் அனுமதித்தது. நம் 60 ரூபாய் வீட்டுக்கு முதல் ஏற்றம் 2 ரூபாய் 40 காசு. கூட்டுவட்டி போல ஏறிக்கொண்டே போனாலும் 25 ஆண்டுகளில் அது 160 ரூபாயைத்தான் தொடும்.