ஓ.பி. நெரிசலில் வினாத்தாள்: யார் கையில், எப்போது?

கேள்வி: எங்கள் மனநலப் புறநோயாளிப் பிரிவில் ஒரு காலைக்குள் அறுபது, எழுபது பேரைப் பார்க்கிறோம். ஒவ்வொரு வருகையிலும் அறிகுறி வினாத்தாள் கொடுக்க ஆரம்பித்தோம், சில வாரங்களில் நின்றுபோனது. நிரப்பிய தாள்கள் ஃபைலில் சும்மா கிடக்கின்றன. இதை எப்படி நடத்துவது?

பதில்: தாள் ஃபைலுக்குப் போவதுதான் கோளாறு. நோயாளி டாக்டர் முன்னால் உட்காரும்போது மதிப்பெண் கூட்டப்பட்டு, போன முறை மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். அது நடக்காவிட்டால் எவ்வளவு நல்ல வினாத்தாளும் பழைய காகிதம்தான்.

எல்லாருக்கும் எல்லா வினாத்தாளும் வேண்டாம். மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுப்பவர்களுக்கு மட்டும், பிஎச்க்யூ-9 ஒன்றோடு தொடங்குங்கள். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. இலவசமாகப் பயன்படுத்தலாம். எடையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் இடத்திலேயே தாளைக் கொடுத்து, காத்திருக்கும் நேரத்தில் நிரப்பச் சொல்லுங்கள். அங்கே இருக்கும் செவிலியரே வாங்கிக் கூட்டி, ஓ.பி. சீட்டின் மேல் மூலையில் தேதியோடு எழுதட்டும். படிக்கத் தெரியாதவருக்குக் கேள்வியை அப்படியே வாசித்துக் காட்டலாம். கூட வந்தவர் பதில் சொல்ல விடக்கூடாது. அப்புறம், இந்தக் கேள்விகள் கடந்த இரண்டு வாரங்களைப் பற்றியவை. ஐந்தாம் நாளே திரும்பி வருபவருக்கு மறுபடி கொடுத்தால், பாதிக்கு மேல் பழைய நாட்களையே அளக்கிறீர்கள்.

ஒன்பதாவது கேள்வி தனி விஷயம். செத்துப்போனால் தேவலை, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் வந்ததா என்று அது கேட்கிறது. மொத்தம் குறைவாக இருந்தாலும் இதில் 0 இல்லாமல் வேறு எது வந்தாலும், செவிலியர் அதைச் சுழித்து உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவரை வரிசையில் தனியாக விடக்கூடாது. எண்ணம் மட்டுமா, திட்டமும் இருக்கிறதா, வழி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்பதை டாக்டர் நேரில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். இந்த ஏற்பாடு தயாராகும் வரை வினாத்தாளைத் தொடங்கவே வேண்டாம் என்பேன். கேட்டுவிட்டுப் படிக்காமல் வைப்பது, கேட்காமல் விடுவதைவிட மோசம்.

சரி, எண் கைக்கு வந்தாயிற்று. அதை வைத்து என்ன செய்வது? ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். முப்பத்தெட்டு வயதுப் பெண், முதல் வருகையில் 17. மிர்டசாபின் தொடங்குகிறீர்கள். நான்காவது வாரம் வந்து, "பரவாயில்லை டாக்டர், நல்லாத் தூங்குறேன்" என்கிறார். மதிப்பெண் 13. வினாத்தாள் இல்லாவிட்டால் அதே மாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்பியிருப்பீர்கள்.

ஐந்து புள்ளியாவது குறைந்தால்தான் கணக்கில் எடுத்துக்கொள்ளும் மாற்றம் என்பது வழக்கம். பாதியாகக் குறைந்தால் சிகிச்சை பலிக்கிறது, 5-க்குக் கீழே போனால் தணிந்துவிட்டது. இங்கே குறைந்தது நான்குதான். அது எங்கே குறைந்தது என்று பாருங்கள். தூக்கம் 3-இலிருந்து 1, பசி 2-இலிருந்து 0. எதிலும் ஆர்வமின்மை, மனச்சோர்வு, களைப்பு மூன்றும் 3-லேயே நிற்கின்றன. தூக்கத்தையும் பசியையும் கூட்டுவது அந்த மருந்தின் பக்கவிளைவு, ஆகவே நோய் அசையவே இல்லை என்று சந்தேகிக்கலாம்.

உடனே அளவைக் கூட்டலாமா? பொறுங்கள். "தினமும் போடுறீங்களா?" என்று கேட்டால், "தூக்கம் வராத ராத்திரி மட்டும் போட்டுக்கிறேம்மா" என்று பதில் வரலாம். தூக்க மாத்திரை என்றே நினைத்திருக்கிறார். இங்கே தேவை அளவு மாற்றமல்ல, தினமும் ஏன் போட வேண்டும் என்ற இரண்டு நிமிட விளக்கமும், அடுத்த நான்கு வாரம் கழித்து இன்னொரு மதிப்பெண்ணும். ஒழுங்காகச் சாப்பிட்டும் அசையாவிட்டால்தான் அளவைக் கூட்டுவது, மருந்தை மாற்றுவது, பேச்சுச் சிகிச்சை சேர்ப்பது என்ற யோசனை.

எண்ணை நோயாளியிடமும் காட்டுங்கள். "போன தடவை 17, இப்போ 13, எது மாறலை?" என்று கேட்டால் பேச்சு நேரே விஷயத்துக்கு வந்துவிடும். தன் தாளை யாரோ படிக்கிறார்கள் என்று தெரிந்தால் அவர் யோசித்து நிரப்புவார். ஒன்பதுக்கும் ஒரே பத்தியில் வரிசையாக டிக் விழுந்திருந்தால், அவருக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். இருமுனைக் கோளாறு உள்ளவரின் மதிப்பெண் திடீரென்று 2-க்கு இறங்கினால் சந்தோஷப்பட அவசரப்படாதீர்கள். இந்தத் தாள் சோர்வை மட்டுமே அளக்கும், மிகையெழுச்சி அதன் கண்ணில் படாது. ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குகிறார், பணத்தை எப்படிச் செலவழிக்கிறார் என்று வீட்டாரிடம் கேளுங்கள்.