வயிற்றோட்டம் வந்தால் கொழுப்பு கூடுமா?

*டொக்டர், எனக்கு 41 வயது. ஹட்டனில் ஆசிரியையாக இருக்கிறேன். தம்பி வாங்கித் தந்த டிஜிட்டல் தராசில் நிறை 60 கிலோ, கொழுப்பு 33.3 சதவீதம் என்று காட்டியது. இரண்டு நாள் வயிற்றோட்டத்துக்குப் பிறகு ஏறி நின்றால் நிறை 58.5, கொழுப்பு 35.1! சாப்பாடே இறங்காத நேரத்தில் கொழுப்பு எப்படிக் கூடும்? சோற்றைக் குறைக்கவா?*

சோற்றைக் குறைக்காதீர்கள். உங்களுக்குக் குறைந்தது தண்ணீர்தான். வயிற்றோட்டம் இன்னும் நிற்கவில்லை என்றால் ஜீவனி கரைத்துக் குடியுங்கள். தலைச்சுற்றல் இருந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் போனாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்தத் தராசுக்குக் கொழுப்பை நேரடியாக அளக்கத் தெரியாது. அது உண்மையில் அளப்பவை இரண்டே இரண்டு: உங்கள் நிறை, மின்தடை. உங்களால் உணர முடியாத அளவு மெல்லிய மின்சாரம் ஒரு பாதத்தால் ஏறி, அடிவயிற்றைக் கடந்து, மற்றப் பாதத்தால் இறங்குகிறது. தண்ணீரும் உப்பும் நிறைந்த தசை அதை எளிதாகக் கடத்தும், கொழுப்பு அவ்வளவாகக் கடத்தாது. அந்தத் தடையோடு நீங்கள் பதிந்து வைத்த உயரம், வயது, பால் ஆகியவற்றையும் சேர்த்து, உடம்பில் எத்தனை லீற்றர் தண்ணீர் இருக்கும் என்று தராசு கணிக்கிறது. கொழுப்பில்லாத பகுதியில் ஏறக்குறைய 73 சதவீதம் தண்ணீர் என்பது அதன் எடுகோள். மிச்சத்தையெல்லாம் கொழுப்பு என்று எழுதிவிடும்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். முதலில் 29.2 லீற்றர் தண்ணீர் என்று அது கணித்திருந்தால், 0.73ஆல் வகுக்க 40 கிலோ வரும். 60இல் அது போக மிச்சம் 20 கிலோ கொழுப்பு, அதாவது 33.3 சதவீதம். வயிற்றோட்டத்தில் 1.5 லீற்றர் போனதாக வைப்போம். இப்போது 27.7 லீற்றர், வகுத்தால் சுமார் 37.95 கிலோ. 58.5இல் அதைக் கழித்தால் 20.55 கிலோ, 35.1 சதவீதம். பார்த்தீர்களா? உங்களிடமிருந்து போனது ஒன்றரைக் கிலோதான், ஆனால் தராசு கொழுப்பில்லாத பகுதியில் இரண்டு கிலோவுக்கு மேல் குறைத்துவிட்டது. அந்த இடைவெளி அரைக் கிலோக் கொழுப்பாக உங்கள் தலையில் விழுந்தது. வேறு தராசில் எண்கள் கொஞ்சம் மாறலாம், தவறு நடக்கும் வழி இதுதான்.

தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு உடனே ஏறினாலும் சரிவராது. வயிற்றில் கிடக்கும் அரை லீற்றர், நிறையில் சேரும், தடையை அவ்வளவாக மாற்றாது. அதனால் அதையும் கொழுப்பாகவே எண்ணும். நாள் முழுக்க வகுப்பில் நின்றுவிட்டு வந்தால் நேர்மாறு: காலில் நீர் இறங்கியிருப்பதால் தடை குறைந்து, கொழுப்பும் குறைந்ததுபோல் தெரியும். நம்ம பக்கத்துக் குளிரில் இன்னொன்றும் உண்டு. விடியற்காலையில் சீமெந்துத் தரையில் நடந்து சில்லிட்ட பாதத்தோடு ஏறினால் தடை கூடும், கொழுப்பும் கூடுதலாகக் காட்டும்.

உடம்பு தேறி ஒரு வாரம் போகட்டும். அப்புறம் காலையில் கழிப்பறை போய் வந்து, பிளேன்டீ குடிக்க முன், பாதம் சூடாக இருக்கும்போது பாருங்கள். ஒரு நாள் எண்ணை விட்டுவிட்டு, சில வாரங்களில் அது எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் கவனியுங்கள். வீட்டில் யாருக்காவது நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருந்தால் அவர்களை இந்தத் தராசில் ஏற்ற வேண்டாம்.

ஒரு தையல் நாடாவால் இடுப்புச் சுற்றளவையும் அளந்து வையுங்கள். நம் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கு மேல் போனால்தான் சோற்றைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.