கோழிக்கு ஐ.பி. சளி: இருமல், தண்ணீர் முட்டை, தடுப்பூசி – கேள்வி பதில்

மோகனூர் பக்கம் லேயர் பண்ணை வைத்திருப்பவர்: டாக்டர், 12,000 கோழி, 38 வார பேட்ச். ஒரு திங்கட்கிழமை ராத்திரி ஷெட்டோட ஒரு மூலையில தும்மல். புதன்கிழமை காலையில ஷெட் முழுக்க கர்ர் கர்ர்னு சத்தம். சாவு பெருசா இல்ல. ஆனா 92 சதவீதம் இருந்த முட்டை 10 நாள்ல 79க்கு வந்துருச்சு. ஓடு சொரசொரப்பா, கோணலா வருது. ராணிக்கெட்டா, ஐ.பி.யா?

நீங்கள் சொன்னதில் எனக்கு முதலில் பட்டது அந்த வேகம். ஐ.பி. என்பது இன்பெக்ஷியஸ் பிராங்கைட்டிஸ், கோழியின் மூச்சுக்குழாயைத் தாக்கும் வைரஸ் நோய், அந்த வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. ஐ.பி. கிருமி உள்ளே போனால் ஒன்று, ஒன்றரை நாளிலேயே இருமல் தொடங்கிவிடும். காற்றில் பரவுவதால் ஒரு மூலையில் கேட்ட தும்மல் இரண்டு நாளில் ஷெட் முழுக்கக் கேட்கும். கொரைசா என்னும் பாக்டீரியா சளி என்றால் முகம் வீங்கி நாற்றம் வரும், பரவவும் இன்னும் கொஞ்சம் நாள் எடுக்கும். மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவால் வரும் நாட்பட்ட சளியான சி.ஆர்.டி. வாரக்கணக்கில் மெதுவாக நகரும். ராணிக்கெட்டில்தான் ஏமாந்துபோக வாய்ப்பு உண்டு. தடுப்பூசி போட்ட லேயரில் அது கழுத்துத் திருகலோ பச்சைக் கழிச்சலோ இல்லாமல், சாவும் அதிகம் இல்லாமல், முட்டையை மட்டும் குறைத்துவிட்டுப் போகும். அதனால் சத்தத்தை மட்டும் வைத்து நான் முடிவு சொல்ல மாட்டேன்.

முட்டையை உடைத்துப் பாருங்கள். இன்று இட்ட முட்டை 20 எடுத்து, ஒவ்வொன்றாகத் தட்டையான தட்டில் உடையுங்கள். நல்ல முட்டையில் மஞ்சள் கரு எழும்பி நிற்கும், அதைச் சுற்றிக் கெட்டி வெள்ளை ஒரு வளையமாகப் பிடித்திருக்கும், அதற்கு வெளியேதான் நீர்த்த வெள்ளை ஓடும். ஐ.பி. தாக்கிய கோழியின் முட்டையில் இந்த எல்லைக்கோடே இருக்காது, வெள்ளை முழுக்கத் தண்ணீராகப் பரவும். வெள்ளைக்கருவைச் சுரக்கிற முட்டைக்குழாயின் உள்சுவரையே கிருமி பாதிப்பதுதான் காரணம். நேற்றைய முட்டையை எடுக்காதீர்கள், வெயிலில் கிடந்த முட்டையில் வெள்ளை தானாகவே நீர்த்துவிடும். வயதான பேட்ச்சிலும் கொஞ்சம் நீர்க்கும், ஆனால் 38 வாரத்தில் அந்தச் சாக்கு செல்லாது.

மூச்சுக்குழாயில் பஞ்சுக் குச்சியால் எடுக்கும் மாதிரிக்கு பி.சி.ஆர். பார்ப்பது முதல் வாரத்தில்தான் நன்றாகக் கை கொடுக்கும். நீங்கள் 10 நாள் தாண்டிவிட்டீர்கள். இனி ரத்தம்தான் வழி. இன்று 15, 20 கோழியில் எடுத்து வையுங்கள், இரண்டு மூன்று வாரம் கழித்து அதே ஷெட்டில் மறுபடி எடுத்து இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான். தடுப்பூசி போட்ட கோழியின் ரத்தத்தில் எதிர்ப்பு எப்படியும் இருக்கும். அதனால் ஒரே ஒரு முறை எடுத்த ரத்தம் எதையும் சொல்லாது, இரண்டுக்கும் நடுவில் அது எவ்வளவு ஏறியது என்பதே விடை.

ராசிபுரம் அருகே பண்ணை வைத்திருப்பவர்: எங்க ஷெட்டுக்கும் இதே சளி வந்துச்சு சார். எட்டு நாள் டாக்ஸிசைக்ளின் தண்ணியில விட்டேன், நின்னுருச்சு. வைரஸுக்கு மருந்தே இல்லன்னு சொல்றீங்க, ஆனா கேட்டுச்சே?

மருந்து விடாமல் இருந்திருந்தாலும் ஏறக்குறைய அதே நாளில்தான் நின்றிருக்கும். ஒரு கோழிக்கு இருமல் ஐந்து முதல் ஏழு நாள், மொத்த ஷெட்டுக்கும் பத்து முதல் பதினாலு நாள். உங்கள் எட்டு நாள் அந்தக் கணக்கோடு ஒத்துப்போய்விட்டது.

ஆனால் நீங்கள் சொல்வதில் பாதி சரி. கிருமி மூச்சுக்குழாயின் உள்தோலை உரித்துவிட்டுப் போன பிறகு, அந்தப் புண்ணில் ஈ.கோலையும் மைக்கோபிளாஸ்மாவும் ஏறும். நாலைந்து நாளில் சாவு கூடத் தொடங்கினால் செத்த கோழியை அறுத்துப் பாருங்கள். ஈரல் மேலும் காற்றுப்பை மேலும் வெள்ளையாகச் சீஸ் போல ஏடு படிந்திருந்தால், அப்போது ஆன்டிபயாடிக்குக்கு வேலை உண்டு. எந்த மருந்து என்பதை ஆய்வகம் சொல்லட்டும். முட்டையிடும் கோழிக்குக் கொடுத்த மருந்து முட்டையிலும் வரும், அப்படி வரும் நாட்கள் முழுக்க முட்டையை விற்கக் கூடாது. இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சாவு இல்லாத ஷெட்டில் எச்சத்தை அள்ளி அமோனியா நெடியைக் குறைத்தாலே இருமல் ஓரளவு இறங்கும்.

சிவகங்கை, வீட்டில் நாட்டுக்கோழி வளர்க்கும் பெண்: அண்ணா, ஒம்பது மாசப் பெட்டைங்க நாலு. கொண்டை செவப்பா, பளபளன்னு இருக்கு. கூடையில போய் உட்காருது, கொக்கரிக்குது, ஆனா முட்டை மட்டும் இல்ல. கொழுப்பு கட்டிருச்சுன்னு சொல்றாங்க. குஞ்சுல இதுகளுக்குச் சளி வந்துச்சு, பொழைச்சிருச்சு.

முதலில் வேலி ஓரம், வைக்கோல்போர், சாக்குக் குவியல் எல்லாம் தேடிப் பாருங்கள் தங்கச்சி. நாட்டுக்கோழி முட்டை இடாமல் இருப்பதைவிட ஒளித்து இடுவதே அதிகம்.

அங்கேயும் இல்லை என்றால், அந்தச் சளி எத்தனையாவது நாளில் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் என்றால் எனக்கு ஐ.பி. மேல்தான் சந்தேகம். அந்த வயதில் குஞ்சின் முட்டைக்குழாய் நூல் கனம்தான். அப்போது கிருமி அதைத் தாக்கினால் குழாய் அதற்குமேல் சரியாக வளராது. சினைப்பைக்கு ஒன்றும் ஆகாது, அதனால் கோழி பருவத்துக்கு வரும், கொண்டை சிவக்கும், கூடையும் தேடும். மஞ்சள் கரு வெளியாகும், ஆனால் அதை வாங்கிக்கொள்ளக் குழாய் இல்லாததால் வயிற்றுக்குள்ளேயே விழும். சில கோழிகளில் குழாய்க்குள் நீர் கோத்து வயிறு தொங்கும், அவை நெஞ்சை நிமிர்த்தி நிமிர்த்தி நடக்கும்.

இதற்கு வைத்தியம் கிடையாது. ஒன்றைக் குழம்புக்கு அறுக்கும்போது உள்ளே பாருங்கள். தண்ணீர்ப் பையோ, பாதியில் அறுந்த குழாயோ இருந்தால் இதுதான், மற்ற மூன்றுக்கும் தீனி போட்டுக் காத்திருக்க வேண்டாம். மஞ்சள் கொழுப்பு அப்பி இருந்தால் உங்களிடம் சொன்னவர்கள் சொன்னதே சரி.

பல்லடம், பிராய்லர் பண்ணைக்காரர்: ஓடு மோசம்னா கிளிஞ்சல் தூள் கூட்டிப் போட்டாலே சரியாகும். என் மச்சான் லேயர் ஷெட்டுல போன சித்திரையில அப்படித்தான் சரியாச்சு. இதுக்கு ஏன் இவ்வளவு பேச்சு?

உங்கள் மச்சான் ஷெட்டில் இருமல் இருந்ததா? சித்திரை வெயிலில் கோழி இளைத்து மூச்சு வாங்கும்போது ஓடு மெலியும், தீனியும் குறையும். அதற்குக் கிளிஞ்சல் கை கொடுத்திருக்கும். அங்கே முட்டையை உடைத்திருந்தால் வெள்ளை கெட்டியாக இருந்திருக்கும். மோகனூர்க்காரர் சொல்வது இருமலுக்குப் பின்னால் வந்த சொரசொரப்பு, அதைச் சுண்ணாம்புச் சத்து தொடாது.

பெயர் சொல்லாதவர்: இதுவும் கொரோனா குடும்பம்னு படிச்சேன். வீட்டுல குழந்தைங்க இருக்கு, முட்டை சாப்பிடலாமா?

குடும்பம் அதுதான், கிளை வேறு. மனிதருக்கு இது வருவதில்லை. வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

ஹேச்சரியில் தடுப்பூசி போடுபவர்: நாங்க முதல் நாளே ஐ.பி. தடுப்பூசி எச்120 ஸ்ப்ரே அடிச்சுத்தான் குஞ்சு அனுப்புறோம். அதுக்கப்புறம் பண்ணையில பலபேர் ஐ.பி. பக்கமே போறதில்ல, ராணிக்கெட்டுக்கான லசோட்டா மட்டும் போடுறாங்க. அப்புறம் எங்களைத் திட்டுறாங்க.

நீங்கள் சொல்வதுதான் நடக்கிறது. சிவகங்கைக் கோழிகளுக்கு ஆன கதி வராமல் காப்பது உங்கள் முதல் நாள் ஸ்ப்ரேதான். அது நிறைய நாள் நிற்காது. இரண்டு, மூன்று வாரத்தில் கண்ணில் ஒரு சொட்டு, வளர்ப்புப் பருவத்தில் இன்னொரு உயிருள்ள தடுப்பூசி, முட்டைக்கு வருமுன் 16 வார வாக்கில் எண்ணெய் கலந்த செயலிழந்த ஊசி 0.5 மில்லி. லேயருக்கு நான் சொல்லும் வரிசை இது. முன்னால் உயிருள்ள மருந்து போடாமல் கடைசி ஊசியை மட்டும் போட்டால் பலன் குறைவு.

லசோட்டாவும் ஐ.பி.யும் ஒரே குப்பியில் சேர்ந்து வந்தால் போடலாம். தனித்தனிக் குப்பிகளை நீங்களாகக் கலக்காதீர்கள், இரண்டு நாள் இடைவெளியில் அடுத்தடுத்தும் போடாதீர்கள். ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு வாரத்துக்குக் குறையாமல், முடிந்தால் பத்து நாள் விடுங்கள். போட்ட மூன்றாம் நாளிலிருந்து லேசான தும்மல் வருவது இயல்பு, ஒரு வாரத்தில் அடங்கிவிடும். அடங்காமல் நீண்டால் ஷெட்டில் ஏற்கெனவே மைக்கோபிளாஸ்மா இருக்கிறதா என்று பாருங்கள்.

திருச்செங்கோடு, இன்னும் முட்டைக்கு வராத இளங்கோழியான புல்லட் 3,000 வளர்ப்பவர்: 18ஆம் நாள் தண்ணியில ஐ.பி. போட்டோம், அப்பவும் வந்துருச்சு. மருந்து டூப்ளிகேட்டா?

தண்ணீரில் குளோரின் இருந்ததா என்பதை முதலில் சொல்லுங்கள். இது எளிதில் சாகும் கிருமி. இரண்டு நாள் முன்னதாகவே தண்ணீர் சுத்திகரிப்பு மருந்தை நிறுத்தியிருக்க வேண்டும். ஆயிரம் கோழிக்கு, வயது எத்தனை நாளோ அத்தனை லிட்டர் என்பது கணக்கு. உங்களுக்கு 54 லிட்டர். லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் வீதம் 135 கிராம் கரைத்து, அரை மணி விட்டு, அப்புறம்தான் மருந்தைக் கலக்க வேண்டும். தண்ணீரை ஒரு மணி நேரம் நிறுத்தித் தாகம் ஏற்றி, இரண்டு மணிக்குள் குடித்து முடிக்கும்படி கொடுக்க வேண்டும். நீலச் சாயம் கலந்து கொடுத்தால், எத்தனை கோழியின் நாக்கு நீலமானது என்று பிடித்துப் பார்க்கலாம். பாதிதான் நீலம் என்றால் மருந்தைக் குறை சொல்ல முடியாது.

எல்லாம் சரியாகச் செய்தும் வந்திருந்தால் வேறு வகைக் கிருமியாக இருக்கலாம். எச்120 மாசசூசெட்ஸ் வகை. 4/91 போன்ற வகைகளிடம் அதன் காப்பு குறையும், இந்தியாவில் மட்டும் காணப்படும் ஒரு தனிக் கிளையும் உண்டு. இரண்டு வகைத் தடுப்பூசி சேர்த்துப் போட்டால் காப்பு விரியும் என்பது உண்மை. ஆனால் உங்கள் ஷெட்டில் எது வந்தது என்று ஆய்வகம் சொல்லாமல் புது வகை உயிருள்ள மருந்தை உள்ளே கொண்டுவராதீர்கள்.

மோகனூர்க்காரர் மறுபடி: உடைச்சுப் பார்த்தோம் டாக்டர். 20ல 11 தண்ணி. இந்த பேட்ச்சைக் கழிச்சுரலாமா? பக்கத்து ஷெட்டுல 15 வாரப் புல்லட் இருக்கு, அதுக்கு இன்னும் இருமல் இல்ல.

11 என்றால் ஐ.பி. பக்கம்தான் சாய்கிறது. ஆனாலும் ரத்தம் எடுங்கள். கழிப்பதற்கு இது நேரமில்லை. 13 சதவீதம் குறைவு என்றால் ஒரு நாளைக்கு 1,560 முட்டை, வலிக்கத்தான் செய்யும். ஆனால் முட்டை மீள இருமல் தொடங்கியதிலிருந்து ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், நீங்கள் இரண்டாவது வாரத்தில்தான் இருக்கிறீர்கள். 90ஐத் தொடுமா, 86லேயே நிற்குமா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. எட்டாவது வாரத்து முட்டையையும் அன்றைய தீனி விலையையும் வைத்து முடிவெடுங்கள். கேஜ் வாரியாக ஓடில்லாத தோல்முட்டையைக் குறித்து வந்தால் கழிக்க வேண்டியது எது என்று அப்போது தெரியும். இந்த ஷெட்டுக்கு இப்போது தடுப்பூசி வேண்டாம்.

புல்லட் ஷெட்டுக்கு இன்றே ஆளைப் பிரியுங்கள், முட்டை அட்டையும் வண்டியும் அந்தப் பக்கம் போகக் கூடாது. நாளைக் காலைக்குள் ஒரு தும்மலும் இல்லை என்றால் உங்கள் மருத்துவரை வைத்து உயிருள்ள பூஸ்டர் போடலாம். ராத்திரி பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு உள்ளே நின்று கேளுங்கள், பகலில் மூச்சுச் சத்தம் பிடிபடாது. ஒன்றிரண்டு கேட்டாலும் பூஸ்டரை நிறுத்திவிட்டு அன்றே மூச்சுக்குழாய் மாதிரி எடுங்கள். இந்த ஷெட்டிலாவது பி.சி.ஆருக்கு நாள் இருக்கிறது.