தொட்டியைக் கொட்டினால் மட்டும் போதாது

"டாக்டர், வாராவாரம் தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிடுகிறேன். ராத்திரி கொசுவலையும் உண்டு. அப்படியும் நேற்று பையனுக்கு டெங்கு என்று ரிசல்ட் வந்தது. எங்கே தப்பு?"

கொட்டியது சரிதான், தேய்த்தீர்களா? ஏடிஸ் கொசு முட்டையைப் பெரும்பாலும் தண்ணீரில் இடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டிவைக்கும். பார்த்தால் கரும்புள்ளி, அழுக்கு என்றே நினைப்போம். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரியும். அதனால் காலி செய்ததும் உள்சுவரை பிரஷால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். பொரித்த புழு கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை என்பது அதற்காகத்தான். பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜின் பின்புறத் தட்டு இரண்டையும் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம், இது பகலில் கடிக்கும் கொசு. காலையிலும் பொழுது சாயும் முன்பும் அதிகம். காய்ச்சல் இருக்கும்வரை பையன் பகலிலும் வலைக்குள் படுக்கட்டும். அவனைக் கடிக்கும் கொசு சுமார் பத்து நாளில் வீட்டில் மற்றவர்களுக்கும் பரப்பும்.

காய்ச்சலுக்கு எடைக்கேற்ற அளவில் பாரசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் ரத்தக்கசிவைக் கூட்டும், வேண்டாம். காய்ச்சல் விட்டதும் நிம்மதியாகிவிடாதீர்கள், அடுத்த ஓரிரு நாள்தான் ஆபத்தானவை. கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், அசாத்தியச் சோர்வு, இதில் ஒன்று தெரிந்தாலும் நடுராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.