கண்டுபிடிப்பும் புத்தாக்கமும் ஒன்றல்ல

"1975இலேயே டிஜிட்டல் கேமராவை உருவாக்கிய கோடாக் 2012இல் திவாலானது ஷும்பீட்டரின் படைப்பழிவுக் கோட்பாட்டுக்கு முரண் இல்லையா?"

இல்லை. புதியது பழைய தொழில்களை அழித்துக்கொண்டே பொருளாதாரம் வளர்கிறது என்பதே பொருளியலாளர் ஷும்பீட்டரின் படைப்பழிவுக் கோட்பாடு. ஒரு பொருளை ஆய்வகத்தில் செய்துகாட்டுபவரை அல்ல, அதைச் சந்தைக்குக் கொண்டுவந்து பழைய தொழில்முறையைக் குலைப்பவரையே ஷும்பீட்டர் தொழில்முனைவோர் என்றார். கோடாக்கின் லாபம் பெரும்பாலும் கேமராவில் இல்லை. எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் செலவாகும் ஃபிலிமிலும் அச்சுத்தாளிலும் இருந்தது. ஆகவே அது விற்கும் ஒவ்வொரு டிஜிட்டல் கேமராவும் தன் சொந்த வருமானத்தையே அரித்தது. ஃபிலிம் தொழிலே இல்லாத புதியவர்களுக்கோ இழப்பதற்கு எதுவுமில்லை.

ஆனால் பழைய நிறுவனம் அழிந்தே தீரும் என்று இக்கோட்பாட்டை வாசிப்பது, என் பார்வையில், மிகை. அதே ஃபிலிமை நம்பியிருந்த ஃபியூஜிஃபிலிம், மெல்லிய படலங்களில் வேதிப்பொருளைப் பூசும் தன் திறனை எல்சிடி திரைகளுக்கான படலங்களுக்குத் திருப்பிப் பிழைத்துக்கொண்டது.