சண்டைக்கு மட்டும் தமிழா?

"என் மகனுக்கு எட்டு வயது. வெளிநாட்டில் பிறந்து வளர்கிறான். மூன்று வருடமாகச் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்புக்குப் போகிறான். எழுத்தெல்லாம் தெரியும், போன தேர்வில் 92 மதிப்பெண். ஆனால் ஒரு வாக்கியம் பேச வரவில்லை. பாட்டி போனில் கூப்பிட்டால் நான்தான் நடுவில் நின்று மொழிபெயர்க்கிறேன். எங்கள் தமிழும் அரைகுறைதான், அதனால் வீட்டில் ஆங்கிலமே ஓடுகிறது. (நானும் கணவரும் சண்டை போட்டால் மட்டும் தமிழில்தான் போடுவோம், அவனுக்குப் புரியாதே!) வகுப்பை மாற்றலாமா, ஆன்லைனில் தனி ஆசிரியர் வைக்கலாமா?"
– ஒரு வாசகி

அடைப்புக்குறிக்குள் ஆச்சரியக்குறியோடு ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டியது அதுதான். மிச்சத்தை இந்தப் பகுதிக்கு யாராவது எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

சண்டை போட எவ்வளவு தமிழ் வேண்டும் என்று யோசித்தீர்களா? போன வருஷம் அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் எடுத்துக்காட்ட வேண்டும். "நீங்க அன்னைக்கே சொல்லியிருந்தா நான் போயிருக்கவே மாட்டேன்" என்று நீட்ட வேண்டும். குத்திக்காட்ட வேண்டும், பேச்சை மாற்ற வேண்டும், நடுவில் இரண்டு வீட்டுச் சொந்தங்களையும் இழுக்க வேண்டும். அரைகுறைத் தமிழில் இதெல்லாம் நடக்காது, அம்மா. உங்கள் இருவரிடமும் தேவைக்கு மேலேயே தமிழ் இருக்கிறது. பிள்ளை கைக்கு எட்டாத இடத்தில் அதை வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

அவனுக்குப் புரியாது என்று வேறு நினைக்கிறீர்கள். சொற்கள் புரியாமல் இருக்கலாம். அப்பாவும் அம்மாவும் தமிழுக்கு மாறினால் முகம் மாறும், குரல் ஏறும், 'நீ உள்ளே போய் விளையாடு' என்று தன்னை அனுப்பிவிடுவார்கள் என்பது அவனுக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது. எட்டு வருஷமாக உங்கள் வீட்டில் தமிழைப் பற்றி அவன் கற்றுக்கொண்ட பாடம் இதுதான். அந்த மொழியைத்தான் சனிக்கிழமை காலையில் எழுப்பிவிட்டுப் போய்ப் படிக்கச் சொல்கிறீர்கள். வாய் எப்படித் திறக்கும்?

வகுப்பை மாற்றும் பேச்சை எடுக்குமுன் ஒரு கணக்குப் போடுங்கள். வாரம் இரண்டு மணி நேரம், வருஷத்துக்கு 36 வாரம் வகுப்பு நடக்கிறது என்று வையுங்கள். மொத்தம் 72 மணி நேரம். ஒரு பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் இது ஆறு நாள்கூட வராது. அதிலும் வருகைப்பதிவு, வீட்டுப்பாடம் திருத்துவது, ஆண்டுவிழா ஒத்திகை எல்லாம் போக மிஞ்சுவதைப் பன்னிரண்டு பிள்ளைகள் பங்கிட வேண்டும். உங்கள் மகன் வகுப்பில் வாய்திறந்து பேசும் நேரம் ஒரு சனிக்கிழமைக்குச் சில நிமிடங்கள் தேறினால் அதிகம். அங்கே சொல்லித்தருபவர் பெரும்பாலும் தன் விடுமுறை நாளைக் கொடுத்துவிட்டு வந்து நிற்கும் தன்னார்வலராக இருப்பார், அவருக்கும் வீடு, பிள்ளைகள் உண்டு. நீங்கள் வாரம் முழுக்கச் செய்யாததை அவர் இரண்டு மணி நேரத்தில் செய்து தரவில்லை என்று குறைப்படுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்த 92 எப்படி வந்தது என்று பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன். அவனுக்குத் தெரியாத ஒரு சின்னக் கதையை வாசிக்கச் சொல்லிக் கூர்ந்து கேளுங்கள். 'மகள்' என்று இருக்கும் இடத்தில் க-வை அழுத்தி 'மக்கள்' மாதிரி வாசிக்கிறானா? 'தம்பி'யில் வரும் பி-யை 'தொப்பி'யில் வருவதுபோல் ஒலிக்கிறானா? நம் எழுத்தில் ஒரே க, ஒரே ப, இடத்துக்கு இடம் ஒலி மாறும். காதில் தமிழ் விழுந்து வளர்ந்த பிள்ளைக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டாம். சொல்லைப் பார்த்ததும் கேட்ட ஒலி தானாக வந்துவிடும். காதில் விழாத பிள்ளை எழுத்து எழுத்தாகக் கூட்டி வாசிப்பான், பொருள் தெரியாது. கோடிட்ட இடம் நிரப்புவதற்கும், மனப்பாடமாக 'எனது பள்ளி' பற்றி ஐந்து வரி எழுதுவதற்கும் அது போதும், மதிப்பெண்ணும் விழும். பாட்டி 'சாப்டியா கண்ணு?' என்று கேட்டால் முழிப்பான்.

அந்த 'சாப்டியா' பொதுவாகப் பாடப்புத்தகத்தில் இருக்காது என்பதையும் கவனியுங்கள். அங்கே பெரும்பாலும் 'சாப்பிட்டாயா' என்றுதான் இருக்கும். தமிழை அரசு மொழிகளில் ஒன்றாக வைத்துப் பள்ளியில் சொல்லித்தரும் சிங்கப்பூரிலேயே, 2005-இல் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு பேச்சுத் தமிழுக்கு வகுப்பில் இடம் தரச் சொன்னது. அங்கேயே அந்த நிலைமை என்றால் சனிக்கிழமை வகுப்பு எம்மாத்திரம்? எழுத்துத் தமிழை வகுப்பு பார்த்துக்கொள்ளும். பேச்சுத் தமிழ் வீட்டில்தான் வர வேண்டும். நீங்கள் பேசுவது கொச்சை, ஆங்கிலம் கலந்தது என்ற கூச்சம் வேண்டாம். பாட்டி பேசுவதும் அதுதானே.

இனி செய்ய வேண்டியது. நாள் முழுக்கத் தமிழ் என்று சபதம் எடுக்காதீர்கள், மூன்றாம் நாள் உடைந்துவிடும். குளிக்கப் போவதிலிருந்து விளக்கை அணைப்பது வரை, ஏறக்குறைய முக்கால் மணி நேரம், தினமும் தமிழ். அந்த நேரத்தைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தினமும் அதே வேலைகள், அதே வரிசை, எல்லாம் கண்முன்னால் இருக்கும் பொருட்கள். சட்டையைக் கழட்டு, துண்டை எடு, தலையைத் துவட்டு, பல்லைத் தேய், போர்வையை மடி. தமிழில் ஏவல்தான் வினையின் மிகச் சின்ன வடிவம், காலமோ, நான், நீ, அவன் என்ற வேறுபாடோ ஒட்டாத வேர். பிள்ளைக்கு முதலில் பிடிபடுவது அதுதான்.

இங்கே எல்லாப் பெற்றோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. 'துண்டை எடு' என்று சொல்லி, அவன் ஒரு நொடி தயங்கியதும் அதையே ஆங்கிலத்தில் சொல்லிவிடுவார்கள். அப்படிச் செய்தால் அவன் தமிழைக் காதில் வாங்கவே மாட்டான், பின்னால் வரப்போகும் ஆங்கிலத்துக்குக் காத்திருப்பான். சொல்லுங்கள், கையால் காட்டுங்கள், பொறுத்திருங்கள். அவன் ஆங்கிலத்தில் பதில் சொன்னால் சொல்லட்டும், நீங்கள் தமிழை விடாதீர்கள். முதல் சில வாரங்கள் 'ஏன் இப்படிப் பேசுற?' என்று எரிச்சல்படுவான், எட்டு வயதுப் பிள்ளை படத்தான் செய்வான். 'பாட்டிகூட நீயே பேசணும்னு எனக்கு ஆசை' என்று உள்ளதைச் சொல்லுங்கள். விருந்தாளி முன்னால் நிறுத்தி 'தமிழ்ல பேசிக் காட்டு' என்று மட்டும் சொல்லாதீர்கள். அவன் உச்சரிப்பைக் கேட்டு உறவினர் யாராவது சிரித்தால், உங்கள் அண்ணனே ஆனாலும் அங்கேயே அதட்டுங்கள்.

கேள்வி கேட்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. 'பசிக்குதா?' என்றால் தலையாட்டிவிட்டுத் தப்பித்துவிடுவான். 'நீலச் சட்டையா, பச்சைச் சட்டையா?' என்று கேட்டால் ஒரு தமிழ்ச் சொல்லாவது வாயில் வந்தாக வேண்டும், அதுவும் நீங்களே எடுத்துக்கொடுத்த சொல். பிறகு ஒருநாள் 'நான் தூக்கம் வருது' என்பான். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் 'நான்'தான் முன்னால் நிற்கும், அந்தப் பழக்கம். 'தப்பு, எனக்குன்னு சொல்லு' என்று நிறுத்தாதீர்கள். 'உனக்குத் தூக்கம் வருதா? எனக்கும் வருது, வா' என்று சொல்லி நடையைக் கட்டுங்கள். சரியான வடிவம் இரண்டு தடவை அவன் காதில் விழுந்துவிட்டது, பேச்சும் தடைபடவில்லை.

முன்னேறுகிறான் என்பதற்கு அடையாளம் தூய தமிழாக இருக்காது. 'பேக்ல இருக்கு', 'புக்க காணோம்' என்பான். மற்றவர்கள் கலப்பு என்று முகம் சுளிக்கட்டும், நீங்கள் சந்தோஷப்படுங்கள். பெயர்ச்சொல்தான் கடன். 'ல'வும் 'அ'வும் 'காணோம்'உம் தமிழ் இலக்கணம், அவனாகவே ஒட்டியது.

இப்போது அந்தச் சண்டைக்கு வருகிறேன். கணவன் மனைவி சண்டை கதவைச் சாத்திக்கொண்டு போட வேண்டியது, எந்த மொழியானாலும். பிள்ளையை எதிரே உட்கார வைத்துக்கொண்டு மொழியைத் திரையாகத் தொங்கவிடுவதைப் பெற்றவர் செய்யக்கூடாத காரியமாகத்தான் நான் பார்க்கிறேன். ரகசியம் பேசியே தீர வேண்டும் என்றால் அவனுக்குத் தேவையான ரகசியத்தைப் பேசுங்கள். விடுமுறைக்கு எங்கே போகலாம், பிறந்தநாளுக்கு எந்த சைக்கிள் வாங்கலாம், அவன் செய்த குறும்பைப் பாட்டியிடம் எப்படிச் சொல்வது எல்லாம் அவன் காதில் விழும்படி, தமிழில், சிரித்துக்கொண்டு. உங்கள் கணவருக்கும் இதில் பாதிப் பங்கு உண்டு. உங்கள் கடிதத்தில் அவர் சண்டைக்கு மட்டும்தான் வருகிறார், பிள்ளையின் படிப்புக்கு வரவே இல்லை. குளியலும் படுக்கையும் வாரத்தில் மூன்று நாள் அவர் பொறுப்பு என்று எழுதி ஒட்டுங்கள்.

போனில் பாட்டி பேசும்போது நீங்கள் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். முன்கூட்டியே பாட்டியிடம் சொல்லிவையுங்கள்: நிதானமாக, சின்னச் சின்னக் கேள்வியாக, வீடியோவில் ஏதாவது பொருளைக் காட்டிப் பேசட்டும். முதலில் இரண்டு நிமிடம் மௌனம்தான் இருக்கும். தவித்துப்போய் உள்ளே ஓடாதீர்கள்.

இதனால் அவன் ஊர்ப் பிள்ளைகள் மாதிரி பேசிவிடுவான் என்று நான் சொல்லவில்லை. எட்டு வயதில் தொடங்கினால் புரிதல் முன்னே ஓடும், பேச்சு வெகு பின்னால் வரும், சில ஒலிகள் கடைசிவரை தடுக்கும். வகுப்பு அப்படியே தொடரட்டும். ஆசிரியரிடம் அடுத்த வாரப் பாடத்தின் சொற்களை மட்டும் முன்னதாகக் கேட்டு வாங்கி, குளியலறையில் புழங்கவிடுங்கள். தனி ஆசிரியர் இப்போது வேண்டாம். அவன் கேட்காமலே தமிழில் உங்களிடம் ஏதாவது சொல்ல ஆரம்பித்த பிறகு, புத்தகம் இல்லாமல் அரை மணி நேரம் பேச மட்டுமே தயாராக இருக்கும் ஒருவர் கிடைத்தால் வையுங்கள். பாடப்புத்தகத்தைத் திறக்கிறவர் என்றால் அந்தப் பணம் வீண்.